ராத்திரி இரண்டு மணிக்கு வங்கி திறந்திருக்காது!

அரியலூர் பக்கம் ஒரு கிராமம். விடியற்காலை ஐந்தரை மணி. சிமென்ட் ஆலையில் மூட்டை நிரப்பும் பேக்கிங் பிரிவில் ஒன்பது வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர், வழக்கம்போல டிபன் பாக்ஸை பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். வாசல் வரை வந்த மனைவி, "பார்த்துப் போங்க" என்கிறார்.

அவர் போவது ஆலைக்கு அல்ல. ஒப்பந்ததாரர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர் பழைய ஆட்களில் சிலரை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிலரில் இவரும் ஒருவர். பன்னிரண்டு நாட்களாக அரியலூர் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வீடு திரும்புகிறார்.

பகல் எப்படியோ போய்விடுகிறது. ராத்திரிதான் போகமாட்டேன் என்கிறது. பத்து மணிக்குப் படுத்தால் அசதியில் தூக்கம் வந்துவிடும். ஒன்றரை, இரண்டு மணிக்கு விழிப்பு. அதன்பிறகு வரிசையாக வரும்: "பி.எஃப். பணம் வருமா? திங்கக்கிழமை குழுத் தவணை கட்டணுமே. அடகு நகை மூழ்கிப்போயிடுமா? பொண்ணு பிளஸ் டூ முடிச்சா எங்க சேர்க்கிறது? மச்சான் முன்னாடி எப்படி நிக்கிறது?" ஐந்தாவது கேள்வி முடிந்ததும் மறுபடி முதல் கேள்வி. கோழி கூவும்வரை இதே சுற்று.

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உள்ள இந்தப் பகுதியில், ஒப்பந்த வேலையை நம்பி வாழும் பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து வரைந்த படம்தான். ஆனால், அந்த இரண்டு மணி விழிப்பு நிஜம். அதற்குக் கைகண்ட வழியும் நிஜமாகவே இருக்கிறது.

யோசிப்பதும் சுற்றுவதும்

"நான் சும்மாவா முழிச்சிருக்கேன்? வழி என்னன்னு யோசிக்கிறேன்" என்றுதான் தூக்கம் இழந்தவர்கள் சொல்வார்கள். அப்படித்தான் அவர்களுக்குத் தோன்றும். உண்மையில் நடப்பது யோசனையா, வெறும் சுற்றா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது.

யோசனை என்றால் அதன் முடிவில் ஒரு வாக்கியம் கிடைக்க வேண்டும். அந்த வாக்கியத்தில் யார், என்ன செய்ய வேண்டும், எந்த நாளில் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "புதன்கிழமை காலை சங்கத்துக்குப் போய் நகைக்கடன் கெடு தேதியைக் கேட்கிறேன்" என்பது யோசனையின் முடிவு. "நகை போயிடுமோ" என்பதற்கு முடிவே கிடையாது. ஒரு மணி நேரம் கழித்தும் அதே "போயிடுமோ"தான் நிற்கும். பத்து நிமிடமாக ஒரே கேள்வி புதிய வாக்கியம் எதையும் தராமல் திரும்பத் திரும்ப வந்தால், அது எள் இல்லாத செக்கு. சுற்றும், எண்ணெய் வராது.

ராத்திரியில் இது ஏன் சுற்றாகவே நின்றுவிடுகிறது? காரணம் எளிது. இரண்டு மணிக்கு வங்கி திறந்திருக்காது. ஒப்பந்ததாரர் போனை எடுக்கமாட்டார். நகைக்கடன் அட்டை பீரோவில் இருக்கும். விளக்கைப் போட்டால் வீடே எழுந்துவிடும். ஒரு கேள்வியை முடித்துவைக்கத் தேவையான தகவலும் ஆளும் காகிதமும் அந்த நேரத்தில் கைக்கு எட்டாது. எனவே, எந்தக் கேள்வியும் முடியாது. முடியாத கேள்வியை மனசு கீழே வைக்காது.

நடுராத்திரியில் விழிப்பது நோய் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியிலேயே முடிந்துவிடும். பிற்பகுதியில் தூக்கம் லேசாகவும் கனவு நிறைந்ததாகவும் இருக்கும். அப்போது லேசாக விழித்துப் புரண்டு படுப்பது எல்லோருக்கும் நடப்பது. கவலை இல்லாதவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. கவலை உள்ளவருக்கு அந்த ஒரு நிமிட இடைவெளி போதும், சுற்று ஆரம்பித்துவிடும்.

ரகசியம் செய்கிற வேலை

நம் பேக்கிங் பிரிவு தொழிலாளிக்கு இன்னொரு சிக்கல். வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை. அதனால் பகலிலோ மாலையிலோ ஒரு நோட்டை எடுத்து வைத்துக் கணக்கு எழுத முடியாது. எழுதினால் மனைவி கேட்பார். பி.எஃப். பற்றி யாரிடமும் விசாரிக்க முடியாது. விசாரித்தால் ஊருக்குத் தெரியும். ஆகப் பிரச்னையை எடுத்துப் பார்க்க அவருக்கு மிச்சம் இருப்பது எல்லோரும் தூங்கும் நேரம் மட்டும்தான். ரகசியம் அவருடைய பகலைப் பூட்டிவிட்டது. அதனால்தான் கவலை ராத்திரி ஷிப்டுக்கு வருகிறது.

பதின்மூன்றாவது ராத்திரி போர்வைக்குள் செல்போன் வெளிச்சம் தெரிந்தது.

"என்னங்க, தூங்கலையா?"

"ஒண்ணுமில்ல. நீ படு."

"பேலன்ஸை எத்தனை தடவ பார்ப்பீங்க? பார்த்தா ஏறிடுமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சொன்னார்: "வேல போயிடுச்சு. பன்னெண்டு நாளாச்சு."

மனைவி எழுந்து உட்கார்ந்தார். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் சொன்னது, "இப்ப எதுவும் பேச வேணாம். நாளைக்கு சாயங்காலம் உட்கார்ந்து எழுதலாம். எல்லாத்தையும் எழுதலாம்." தெரிந்தோ தெரியாமலோ, தூக்க மருத்துவம் சொல்லும் முதல் விதியை அவர் பிடித்துவிட்டார்.

கவலைக்கு ஒரு நேரம்

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கவலைப்படாதே என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்; சொன்னால் அது கேட்காது. அதற்குப் பதில் கவலைக்கு என்று தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் ஒதுக்கிவிட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் "உனக்கு நேரம் வைத்திருக்கிறேன், அப்போது வா" என்று தள்ளிவைக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் வேறு வேலை பார்க்காமல் அதை மட்டும் பார்க்க வேண்டும். இதுதான் அந்த முறை.

பின்னால் வந்த தூக்க ஆய்வாளர்கள் இதில் ஒரு காகிதத்தைச் சேர்த்தார்கள். தாளின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் கவலை. வலது பக்கம் அதற்கான அடுத்த ஒரு படி. முழுத் தீர்வு வேண்டாம், அடுத்த படி மட்டும் போதும். முடித்ததும் தாளை மடித்துவைத்துவிட வேண்டும். இதைச் செய்தவர்களுக்குப் படுக்கையில் மனம் ஓடுவது குறைந்தது என்று பார்த்திருக்கிறார்கள்.

நேரம் முக்கியம். படுக்கப்போகும் முன் செய்தால், கிளறிவிட்ட அடுப்புபோல மனசு கனன்றுகொண்டே இருக்கும். இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். நம் ஊர் வீடுகளுக்கு மாலை ஆறு, ஆறரை சரியாக வரும். சமையல் தொடங்கும் முன், பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரம். இடம் திண்ணையாக இருக்கலாம், சாப்பாட்டு மேஜையாக இருக்கலாம். பாய் விரிக்கும் இடமாக மட்டும் இருக்கக்கூடாது.

ஐந்து கவலை, ஒரு தாள்

மறுநாள் மாலை இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் பழைய ரஃப் நோட்டில் ஒரு பக்கம். நடுவில் கோடு.

முதல் கவலை, பி.எஃப். பணம். ராத்திரியில் இது "வருமா, வராதா" என்று மட்டும் இருந்தது. காகிதத்தில் வைத்ததும் அது துண்டு துண்டாகப் பிரிந்தது. கணக்கு எண் என்ன? ஆதாரும் வங்கிக் கணக்கும் அதில் சேர்ந்திருக்கின்றனவா? வேலையை விட்ட தேதியைப் பழைய ஒப்பந்ததாரர் பதிவு செய்தாரா? அந்தத் தேதி ஏறவில்லை என்றால், வேலை போனதைக் காட்டிப் பணம் கேட்கும்போது விண்ணப்பம் சிக்கும். அவர் பதிவு செய்யாவிட்டாலும், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் தொழிலாளியே இணையத்தில் அதைப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. வலது பக்கம் எழுதியது ஒரே வரி: "திங்கள் காலை பத்து மணி, பழைய ஒப்பந்ததாரர் ஆபீஸ், விலகிய தேதி போடச் சொல்வது."

இரண்டாவது, குழுக்கடன். இங்கேதான் மனைவி சிரித்துவிட்டார். "கடன் யார் பேர்ல இருக்கு? என் பேர்ல. நீங்க ராத்திரி பூரா முழிச்சிருந்து என்ன பண்ணப் போறீங்க?" சிறுகடன் நிறுவனங்களின் குழுக்கடன் பெரும்பாலும் பெண்கள் பேரில்தான் இருக்கும். பேச வேண்டியவரும் அவர்தான். தவணை தவறிய பிறகு பேசுவதைவிட, தவறும் முன் கிளைக்குப் போய் "வருமானம் நின்றுவிட்டது, தவணையை மாற்றி அமைத்துத் தாருங்கள்" என்று எழுத்தில் கேட்பது நல்லது. கிடைக்கும் என்று உறுதி கிடையாது. கேட்டதற்கு ஒரு தாள் கையில் இருக்கும். இன்னொன்றையும் அவர் எழுதினார். சிறுகடன் வசூலுக்காகக் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஆறு மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி வகுத்திருக்கிறது. ராத்திரி பயத்தில் பாதி, "வீட்டு வாசல்ல வந்து கத்துவாங்களோ" என்பதுதான். அந்தப் பயத்துக்கு இந்த ஒரு வரி பதில் சொன்னது. வலது பக்கம்: "சனிக்கிழமை காலை, கிளை மேனேஜர், நான் போறேன்." கையெழுத்து மனைவியுடையது.

மூன்றாவது, அடகு நகை. மூழ்கிவிடுமோ என்று தினமும் பயந்தவர், கெடு தேதி என்ன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மனைவி உள்ளே போய் அட்டையை எடுத்துவந்தார். கெடுவுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. நோட்டீஸ் கொடுக்காமல் ஏலம் விடவும் முடியாது. வலது பக்கம்: "கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு சங்கத்தில் புதுப்பிப்பது பற்றிக் கேட்பது." காலண்டரில் அந்த நாளுக்கு ஒரு வட்டம். பன்னிரண்டு ராத்திரியைத் தின்ற கவலை, ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்ததில் நான்கு மாதம் தள்ளிப்போனது.

நான்காவது, பெண்ணின் படிப்பு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. டிப்ளமோவுக்கும் அது உண்டு. வலது பக்கம்: "அரசு பாலிடெக்னிக், அரசுக் கல்லூரி இரண்டுக்கும் என்னென்ன சான்றிதழ் வேணும்னு கிளாஸ் டீச்சர்கிட்ட பாப்பா கேட்கணும்." அந்த வேலை பெண்ணுக்கே போனது. அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டில் ஒளிக்க இனி ஒன்றுமில்லை.

ஐந்தாவது, மச்சான். இதற்கு வலது பக்கம் எதுவும் எழுத வரவில்லை. ஏனென்றால் அது கேள்வி அல்ல, வலி. "ஏன் எனக்கு இப்படி", "எல்லாரும் என்ன நினைப்பாங்க" என்று தொடங்கும் எதற்கும் அடுத்த படி என்று ஒன்று இருக்காது. அதை யோசித்துத் தீர்க்க முடியாது. யாரிடமாவது சொல்லித்தான் இறக்கிவைக்க முடியும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினார்: "ஞாயித்துக்கிழமை நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்." மனைவி, "நானும் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

இருபத்தைந்து நிமிடம் ஆனது. சம்பளம் வந்துவிடவில்லை. கடன் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் சுற்றிக்கொண்டிருந்த ஐந்தும் ஐந்து நாட்களில் போய் உட்கார்ந்துவிட்டன.

எழுதினால் தூக்கம் வருமா?

அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு இதைச் சோதித்து 2018-ல் வெளியிட்டது. 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கவைத்தார்கள். பாதிப் பேர் படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனி செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டார்கள். மற்ற பாதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. "பணம் பார்க்கணும்" என்று எழுதுவதற்கும், "திங்கள் பத்து மணி, ஒப்பந்ததாரர் ஆபீஸ்" என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதே சமயம், அவர்கள் கடன் நெருக்கடியில் இருந்தவர்கள் அல்ல, நலமான இளைஞர்கள். ஓர் இரவுச் சோதனை, ஒன்பது நிமிடம். எனவே தாள் மந்திரம் அல்ல. வேலை இழந்தவருக்கு, ராத்திரி விழிப்பு வரும்போது என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பாயைச் சுருட்டுங்கள்

தூங்காமல் படுத்துக்கிடப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தினமும் ஒரே இடத்தில் கிடந்து கவலைப்பட்டால், அந்த இடமே கவலைப்படும் இடமாக உடம்புக்குப் பழகிவிடும். கூடத்தில் டி.வி. பார்த்தபடி தூங்கி விழுந்தவர், படுக்கைக்குப் போனதும் கொட்டக் கொட்ட விழித்திருப்பது இதனால்தான். இதை உடைக்கும் முறையை 1972-ல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்தார். இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது. விழிப்பு வந்து இருபது நிமிடம்போலத் தோன்றினால் எழுந்துவிடுவது. "போல" என்பது முக்கியம், மணி பார்க்கக்கூடாது. மணி பார்த்தால் "இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு" என்ற புதுக் கணக்கு தொடங்கிவிடும். மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது வேலை செய்வது. கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுப்பது. மறுபடி விழிப்பு வந்தால் மறுபடி இதே.

நம் வீடுகளில் தனிப் படுக்கையறை இருக்காது, நான்கு பேரும் ஒரே கூடத்தில்தான் படுப்போம் என்றால்? பாய்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பாயைச் சுருட்டிவிட்டால் படுக்கை இல்லை. சுருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வாசல்படியிலோ திண்ணையிலோ போய் உட்காரலாம். மல்லாக்கொட்டை உரிக்கலாம், துணி மடிக்கலாம், பழைய வார இதழைப் புரட்டலாம். செல்போன் வேண்டாம். அதில்தான் பேலன்ஸும் தவணைச் செய்தியும் இருக்கின்றன. அந்த நேரத்தில் கவலை வந்தால் அதற்குப் பதில் ஒன்றே ஒன்று: "நோட்டில் இருக்கிறாய். ஆறு மணிக்கு வா." நோட்டில் இல்லாத புதுக் கவலை என்றால் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வார்த்தை குறித்துவிட்டு விட்டுவிடலாம்.

நம்மவர் முதல் வாரம் திண்டாடினார். எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் முன்பைவிடக் குறைவாகத்தான் தூங்கினார். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுவார்கள். தூக்கக் கடன் சேரச் சேரத்தான் அடுத்தடுத்த இரவுகளில் தூக்கம் ஆழமாகும். அந்தக் கடனைப் பகல் தூக்கத்தில் கழித்துவிடக்கூடாது. "ராத்திரி தூங்கல, மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கிறேன்" என்பது, அடுத்த ராத்திரிக்கு வேண்டிய தூக்கத்தை முன்கூட்டியே செலவழிப்பது. இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். "ரெண்டு ரவுண்டு போட்டா தூங்கிடலாம்" என்பதும் இதே கணக்குதான். மது சீக்கிரம் தூங்கவைக்கும். அது உடம்பிலிருந்து இறங்கும்போது, அதாவது சரியாக அந்தப் பின்னிரவில், தூக்கத்தை உடைக்கும்.

ஷிப்ட் இல்லாத நாள்

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்று ஒரு ஊர். ஊரையே தாங்கிய நூற்பாலை உலகப் பொருளாதார மந்தத்தின்போது மூடப்பட்டது. மேரி யஹோடாவும் அவருடைய தோழர்களும் அந்த ஊரில் தங்கி ஆராய்ந்து 1933-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வேலை இழந்த ஆண்களுக்குப் பணத்தோடு சேர்ந்து நேரமும் தொலைந்துபோயிருந்தது. அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர சொல்ல அதிகம் இல்லை. தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. வீட்டு வேலை நிற்காத பெண்களின் நாளுக்கு மட்டும் வடிவம் மிச்சமிருந்தது.

தூக்கத்துக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. எழும் நேரம்தான் உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி. ஷிப்ட் போனதும் ஒருநாள் ஆறு மணி, ஒருநாள் ஒன்பது மணி என்று எழத் தொடங்கினால், ராத்திரித் தூக்கமும் இடம் மாறும். ஆலையில் ஏ, பி, சி என்று ஷிப்ட் மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு ஏற்கெனவே அந்தக் கடிகாரம் ஆட்டம் கண்டிருக்கும். எனவே எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். எழுந்ததும் வெயில் படும்படி அரை மணி நேரம் நடக்கட்டும். நம்மவர் ஐந்தரைக்கு எழுவதை விடவில்லை. ரயில் நிலையத்து பெஞ்சுக்குப் பதில், தாளின் வலது பக்கத்தில் அன்றைக்கு எழுதியிருந்த இடத்துக்குப் போனார்.

தீர்வே இல்லாத கவலை?

பக்கத்து மாவட்டத்துக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போட்ட ஒரு விவசாயி. அறுவடை நேரத்தில் விலை சரிந்தது. பட்டறை போட்டு வைத்திருக்கிறார். விலை ஏறுமா என்பது அவர் கையில் இல்லை, யார் கையிலும் இல்லை. அதற்கு என்ன எழுதுவது?

கவலையை இரண்டாக வெட்ட வேண்டும். தன் கையில் இருப்பது ஒரு பாதி: பட்டறையைப் பிரித்து அழுகல் எவ்வளவு என்று பார்ப்பது, எத்தனை மூட்டையை இப்போதே விற்றால் அவசரக் கடன் அடையும் என்று கணக்குப் போடுவது. அதற்கு நாள் குறிக்கலாம். மற்ற பாதி, விலை. அதற்கு நேராக எழுத வேண்டியது: "இதற்கு இன்று செய்ய எதுவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை சந்தை விலை பார்த்தபின் மறுபடி யோசிப்பேன்." அதுவும் ஒரு முடிவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு "விலை என்னாகுமோ" என்று வந்தால், சனிக்கிழமை என்று பதில் தயாராக இருக்கிறது.

எப்போது மருத்துவரிடம்?

வாரத்துக்கு மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, மேலே சொன்ன முறைகளை உள்ளடக்கிய பேச்சுவழிச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து; பழகிவிட்டால் விடுவது கஷ்டம். பலத்த குறட்டையும் மூச்சு முட்டி விழிப்பதும் இருந்தால் அது கவலையால் வந்த விழிப்பு அல்ல. உடனே காட்ட வேண்டும்.

"நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நல்லது" என்ற எண்ணம் ஒரே ஒருமுறை வந்தால்கூட மூன்று மாதம் காத்திருக்கக்கூடாது. ஆறு மணி நோட்டுக்கும் காத்திருக்கக்கூடாது. பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்ப வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்; கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். விடிந்ததும் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குச் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று உண்டென்றால், அது இது மட்டும்தான்.

அந்த ரஃப் நோட்டில் இப்போது பதினோரு பக்கம் நிரம்பியிருக்கிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு ஹார்டுவேர் கடையில் லோடு இறக்கப் போகிறார். சில ராத்திரி இன்னமும் விழிப்பு வருகிறது. பாய் சுருட்டும் சத்தம் கேட்டால் மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்: "நோட்டுல இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப வந்து படுங்க."